வாழ்த்துக்கு ஒரு திருத்தம்

பார்சல் நிலையத்தின் வாசலில், எடை மேடைக்கு எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. விடுமுறை நாள்கள், வண்டி நேர மாற்றங்கள், தீயணைப்புப் பயிற்சி எல்லாம் அதில்தான் வரும். அவற்றை யாரும் நின்று படிப்பதில்லை. யாருக்காவது பிறந்தநாள் வந்தால் மட்டும் அங்கே நாலு பேர் கூடுவார்கள்.

பிறந்தநாள் வாழ்த்தை எழுதுவது தட்டச்சுக்காரியின் வேலை. அவளை அந்த வேலைக்கு யாரும் நியமிக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மேலாளரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு தாள் அடித்து ஒட்டினாள். அதற்குப் பிறகு அது அவள் தலையில் விழுந்துவிட்டது. பெயரும் 'புலவரம்மா' என்று ஆகிவிட்டது. பொதிப் பட்டியல் தப்பாகப் போனால்கூட, "புலவரம்மா வாழ்த்து யோசிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க" என்று கிடங்கில் பேசிக்கொள்வார்கள்.

வாழ்த்து ஒட்டுவதற்கும் ஒரு முறை இருந்தது. காலை எட்டு மணிக்கு, வண்டிகள் கிளம்புமுன், எல்லாரும் கிடங்கில் கூடுவார்கள். மேலாளர் அன்றைய வேலையைச் சொல்லி முடித்துவிட்டு வாழ்த்தைப் படிப்பார். பிறகு தாள் பலகைக்குப் போகும். அந்த வாரம் முழுக்கக் கண்ணாடிக்குள் இருக்கும். சனிக்கிழமை அதை எடுத்து உறையில் போட்டு உரியவரிடம் கொடுத்துவிடுவார்கள்.

தட்டச்சுக்காரி இதை ஏனோதானோ என்று செய்கிறவள் அல்ல. யாருக்கு எந்தத் தமிழ் என்று யோசித்துத்தான் எழுதுவாள். மேலாளருக்கும் கணக்கருக்கும் ஏட்டுத் தமிழ்: 'பெருமதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, அகவை ஐம்பதில் அடியெடுத்து வைக்கும் தாங்கள் நலமும் வளமும் பெற்று நீடு வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம்.' தன்னோடு உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குப் பாதி ஏடு, பாதி பேச்சு. வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் சுமை ஏற்றுகிறவர்களுக்கும் முழுக்கப் பேச்சு.

இந்தக் கடைசி விதியை அவள் அடிபட்டுத்தான் கற்றாள். ஒருமுறை, நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் ஓட்டுநருக்கு 'அன்பும் பண்பும் நிறைந்த தாங்கள்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதி, மேலே அவர் படத்தையும் ஒட்டியிருந்தாள். அதை மேலாளர் படித்தபோது அவர் வெளியூர் வண்டியில் இருந்தார். திரும்பி வந்து பலகை முன்னால் நின்று தன் பெயரையும் படத்தையும் பார்த்து முகம் வெளுத்துப் போனார். நேராக அவள் மேசைக்கு வந்தார்.

"புலவரம்மா, நான் செத்துட்டேனா?"

"ஏன்ணே?"

"படம் போட்டு, கீழ இப்படித் தமிழ் போட்டா பேப்பர்ல வேற எதுக்குப் போடுவாங்க?"

மறு வருஷம் அவருக்கு, 'நெட்டையண்ணே, இன்னிக்கு ஒரு நாளாச்சும் குனிஞ்சு வாங்க, கதவு நிலை உங்களால ஆடிப்போச்சு. ஹாப்பி பர்த்டே' என்று எழுதினாள். அந்தத் தாளை அவர் வண்டியின் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவருக்கு முந்தி வந்த ஏட்டுத் தமிழ்த் தாள் என்ன ஆனது என்று அவள் கேட்கவில்லை.

இந்த வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இனிமேல் பிறந்தநாள் வாழ்த்து உண்டு என்று. நிலையத்தில் அப்படி இருந்தவர் ஒரே ஒருவர். துப்புரவும் தேநீரும் பார்க்கிற அம்மாள். எப்போதோ ஒரு ஓட்டுநர் 'அத்தை' என்று கூப்பிட்டு வைத்தார். அதுவே பதினொரு வருஷமாக நிலைத்துவிட்டது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் அத்தை என்பான். மேலாளரும் அத்தை என்பார். எல்லாரும் 'நீ, வா, போ' என்றுதான் பேசுவார்கள். அத்தையும் பதிலுக்குச் சும்மா இருப்பதில்லை. ஈரத் தரையில் காலணியோடு நடந்தால் மேலாளரையே நிறுத்திவிடுவாள்.

ஒப்பந்தக்காரர் கொடுத்த தாளில் அவளுடைய பிறந்தநாள் ஒன்றாம் தேதி என்று இருந்தது. தட்டச்சுக்காரிக்குச் சந்தோஷம். அத்தைமேல் அவளுக்கு உண்மையாகவே பிரியம். முந்தின இரவு பிள்ளைகள் தூங்கப் போகுமுன் வழக்கமாகச் சொல்லும் பிரார்த்தனையில் அத்தையையும் சேர்த்துக்கொண்டாள். காலையில் வந்து, எந்தத் தமிழ் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அடித்தாள்.

'அத்தே, இன்னிக்கு உனக்குப் பொறந்தநாளாமே! நீ போடுற டீ இல்லேன்னா இங்க ஒரு பார்சலும் நகராது. நீ தொடப்பத்தை எடுத்தா மேனேஜரே காலைத் தூக்கிக்கிட்டுத்தான் உக்காருவாரு. நூறு வருஷம் இருந்து எங்க எல்லாரையும் மெரட்டு.'

மேலாளர் அதைச் சிரித்துக்கொண்டே படித்தார். கிடங்கே சிரித்தது. நெட்டை விசிலடித்தார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தட்டச்சுக்காரிக்கு, தான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது.

சனிக்கிழமை பலகை காலியாக இருந்தது. குண்டூசிகளைப் பிடுங்கித் தாளை எடுத்து உறையில் போடுவது எப்போதும் அத்தைதான். ஆகவே தட்டச்சுக்காரி அதைப் பற்றி நினைக்கவில்லை.

திங்கட்கிழமை தேநீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். அத்தை பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சர்க்கரை டப்பாவைத் தூக்கியபோது அதற்கு அடியில் ஒரு தாள் விரித்திருந்தது. அச்சடித்த பக்கம் கீழே இருந்தது. ஒரு முனையை நிமிர்த்திப் பார்த்தாள். 'நூறு வருஷம் இருந்து' என்ற வரி தெரிந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. டப்பாவை இருந்த இடத்தில் வைத்தாள். அலமாரியில் தன் கோப்பையைத் தேடினாள். கோப்பைகளுக்குப் பின்னால் ஒரு சட்டம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. புகைப்படம் மாட்டுகிற மரச்சட்டம், புதிது. விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்த தடம்கூடப் போகவில்லை. பலகையில் ஒட்டும் தாளின் அளவுதான் அதற்கும். கண்ணாடி பளிச்சென்று துடைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற அளவுக்கு அவளுக்கு அறிவு இருந்தது. கோபம் வராத அளவுக்கு நல்ல மனசும் இருந்தது.

"அத்தே," என்று கூப்பிட்டாள். "இந்த ஃபிரேம் யாருது?"

அத்தை ஈரக் கையோடு வந்தாள். சட்டத்தைப் பார்த்தாள், சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள். "பேப்பர் நல்லா கெட்டியா இருந்துச்சு," என்றாள். "டப்பா வழுக்காம நிக்கும்னு வெச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"எழுதுனது பிடிக்கலையா?"

பிடித்திருந்தது, எல்லாரும் சிரித்தார்கள், தானும் சிரித்தேன் என்று அத்தை சொன்னாள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்பதுபோல் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தாள். தட்டச்சுக்காரி போகாமல் நின்றாள். நாலைந்து கோப்பைகளை அடுக்கியபின் அத்தையே பேசினாள். முகத்தைத் திருப்பாமல், ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"பெருமதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, அகவை ஐம்பதில் அடியெடுத்து வைக்கும் தாங்கள் நலமும் வளமும் பெற்று..." ஒரு சொல் பிசகாமல் முடிவு வரை சொன்னாள். அதற்குப் பிறகு கணக்கருடையதைச் சொன்னாள். ஓய்வு பெற்றுப் போன கிடங்குப் பொறுப்பாளருடையதையும் சொன்னாள். தட்டச்சுக்காரிக்கே அவை மறந்துவிட்டிருந்தன.

"தினம் அந்தக் கண்ணாடியத் தொடைக்கிறது நான்தானே," என்றாள் அத்தை. "எனக்கு ரெண்டாங்கிளாஸ் படிப்பு. எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒரு கடுதாசிய ஒரு வாரம் தொடைச்சா மனசுல நின்னுரும். அந்தத் தமிழ் என்னமோ நல்லா இருக்கும். கோயில்ல நிக்கிற மாதிரி இருக்கும்."

அத்தை கடைசிக் கோப்பையையும் அடுக்கிவிட்டுத் திரும்பினாள்.

"நீங்க எழுதுனதுல தப்பே இல்ல, புலவரம்மா. எல்லாரும் நீ வா போன்னு பாசமாத்தான் கூப்பிடுறீங்க. எனக்கு அது வேணும். நாளைக்கே யாராச்சும் 'வாங்க போங்க'ன்னா எனக்குப் பிடிக்காது. ஆனா அது வாயில இருக்கிறவரைக்கும்தான் பாசம். கண்ணாடிக்குள்ள போட்டுப் பூட்டிட்டா வேற மாதிரி இருக்குது. வெளி ஆளு வந்து படிக்கிறான். அவனுக்கு இது பாசம்னு தெரியுமா? தொடப்பம்னு மட்டும்தான் தெரியும்."

போன வாரம் பார்சல் எடுக்க வந்த ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, 'என்னம்மா, நீதானா அந்த மெரட்டுற அத்தை, இந்தப் பெட்டியக் கொஞ்சம் தூக்கிக் குடு' என்றாராம். அவள் தூக்கிக் கொடுத்தாளாம். இதை ஒரு புகாராகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

தட்டச்சுக்காரிக்குக் காது சூடாகிவிட்டது. இப்போதே வேறு எழுதித் தருகிறேன் என்றாள். அத்தை வேண்டாம் என்று கண்டிப்பாகத் தலையாட்டினாள்.

"இப்ப எழுதுனா நான் கேட்டு வாங்குனதா ஆயிடும். அத எப்படி ஃபிரேம்ல மாட்டுறது? விடுங்கம்மா. அதுவும் ஒண்ணாந்தேதி என் பொறந்தநாளே கிடையாது. ஒப்பந்தக்காரரு என்னைக் கேக்கவே இல்ல, அவரா ஒண்ணு எழுதிக்கிட்டாரு. எங்கம்மா வெச்சிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டுல இருபத்திரண்டுன்னு இருக்கு."

"இந்த மாசமா?"

"இந்த மாசந்தான்."

அந்தச் சீட்டை நாளைக்குக் கொண்டுவர முடியுமா, பதிவேட்டில் தேதி தப்பாக இருந்தால் பிறகு தொல்லை என்று தட்டச்சுக்காரி சொன்னாள். அது பொய்யும் இல்லை. மறுநாள் அத்தை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சீட்டைக் கொண்டுவந்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது, தேதி தெளிவாக இருந்தது.

அன்று மாலை தட்டச்சுக்காரி ஒப்பந்தக் கோப்பை எடுத்தாள். அத்தையின் முழுப் பெயர் என்ன என்று பார்ப்பதற்காக. பதினொரு வருஷமாகியும் அது தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பிரார்த்தனையில்கூட அத்தை என்றுதான் சொல்லியிருந்தாள். கடவுளுக்குப் புரிந்திருக்கும். ஆனால் பலகையைப் படிக்கிறவர்கள் கடவுள் இல்லை.

எழுதுவது நினைத்ததைப் போல் எளிதாக இல்லை. முதலில் எழுதியதில் 'தூய்மையின் திருவுருவே', 'தேநீர் தந்து களைப்பாற்றும் கருணைக் கடலே' என்றெல்லாம் வந்தது. மேலாளருக்கு இதைவிடப் பெரிய சொற்களை அவள் போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் யாரும் சிரித்ததில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, பொதிப் பட்டியல் வாங்க வந்த நெட்டையிடம் படித்துக் காட்டினாள்.

"அத்தையக் கிண்டல் பண்றீங்களா?" என்று கேட்டார் அவர்.

"இல்லண்ணே, மரியாதையா எழுதிப் பாத்தேன்."

"இது மரியாதை இல்ல புலவரம்மா. இது அத்தைக்கு மேக்கப் போட்டு விடுற மாதிரி இருக்கு. பாக்குறவன் சிரிப்பான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு எழுதுனப்பகூட, உள்ள என்ன இருக்குன்னு நான் படிக்கல. தமிழ் பெருசா இருந்துச்சு, நான் அதுக்குள்ள இல்ல," என்றார்.

அவர் போனபின் அவள் தாளைக் கிழித்துப் போட்டாள். ஏட்டுத் தமிழ் என்றால் அலங்காரம் என்று தான் இத்தனை நாள் நினைத்திருந்தது அவளுக்குப் புரிந்தது. அலங்காரத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அத்தை செய்தவை இருக்கும். அவற்றை முழுச் சொற்களில், நிமிர்ந்த வாக்கியங்களில், உள்ளது உள்ளபடி வைத்தால் போதும். ஒரு காகிதத்தில் பேனாவால் எழுதினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போக நேரமாகிவிட்டது என்று கணவர் இரண்டு முறை போன் செய்தார்.

மறுநாள் காலையில் அடித்து மேலாளரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனாள். தலைப்பைப் பார்த்து அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"திருத்த அறிவிப்பா? வாழ்த்துக்கா?"

தேதி தவறாகப் போய்விட்டது, வண்டி நேரம் தவறாகப் போனால் திருத்தம் போடுகிறோமே, அதுபோல்தான் என்று அவள் விளக்கினாள். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் வைத்தாள். மேலாளர் எல்லாவற்றிலும் முறை பார்க்கிறவர். நகலைச் சரிபார்த்தார். பிறகு தாளை முழுக்கப் படித்தார். படித்து முடித்தும் தலையை நிமிர்த்தவில்லை.

"மழைத் தண்ணி விஷயம் எனக்கு மறந்தே போச்சு," என்றார்.

"எனக்கும் மறந்துதான் சார் போயிருந்துச்சு. கிடங்குல கேட்டு எழுதுனேன்."

கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். சாதாரணமாக வாழ்த்துக்கு முத்திரை கிடையாது. அவள் எழுந்தபோது கேட்டார்: "படிக்கும்போது அத்தைன்னு சொல்லலாமா?"

"படிக்கும்போது வேண்டாம் சார். படிச்சு முடிச்சிட்டுச் சொல்லுங்க."

இருபத்திரண்டாம் தேதியும் திங்கட்கிழமையாக வந்தது. வேலை விவரங்களைச் சொல்லி முடித்தபின் மேலாளர், ஒரு திருத்த அறிவிப்பு இருக்கிறது என்றார். ஏதோ வண்டி நேரம் என்று நினைத்து ஓட்டுநர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அத்தை கடைசி வரிசையில் காலிக் கோப்பைகள் அடுக்கிய தட்டோடு நின்றிருந்தாள்.

மேலாளர் படித்தார்.

"கடந்த ஒன்றாம் தேதி ஒட்டப்பட்ட பிறந்தநாள் வாழ்த்தில் நாள் தவறாகக் குறிப்பிடப்பட்டுவிட்டது. அதற்காக வருந்துகிறோம். சரியான வாழ்த்து பின்வருமாறு."

அடுத்து அத்தையின் பெயரை, முன்னால் 'மதிப்பிற்குரிய' என்றும் பின்னால் 'அவர்களுக்கு' என்றும் சேர்த்து முழுமையாகப் படித்தார். சிலர் யாரது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"பதினொரு ஆண்டுகளாக இந்நிலையத்தின் கதவைக் காலையில் முதலில் திறப்பவர் தாங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் மழைநீர் கிடங்கினுள் புகுந்த காலையில், நாங்கள் எவரும் வந்து சேருமுன் நூற்று நாற்பது பொதிகளைத் தனியொருவராக மேசைகளின்மேல் ஏற்றி வைத்தீர்கள். அவற்றுள் ஒன்றும் நனையவில்லை. அன்று தங்களுக்கு நன்றி கூற நாங்கள் தவறினோம். இன்று கூறுகிறோம். இறைவன் தங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல உடல்நலமும் அருள்வாராக. இவண், நிலைய மேலாளரும் ஊழியர்களும்."

யாரும் சிரிக்கவில்லை. நெட்டை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அத்தையின் தட்டில் கோப்பைகள் லேசாக ஒன்றோடொன்று உரசின. பக்கத்தில் நின்ற கணக்கர் தட்டை வாங்கிக்கொண்டார். அவர் அந்தத் தட்டைத் தூக்கியது அதுவே முதல் தடவை.

கை தட்டல் அடங்கியதும் மேலாளர், "நல்லா இரு அத்தே," என்றார்.

அப்புறம்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. நெட்டை தொப்பியைப் போட்டுக்கொண்டு இடுப்பை வளைத்துக் கேட்டார். "அத்தை அவர்களே, தாங்கள் இன்று தேநீர் தருவீர்களா?"

"தாங்கள் முதல்ல போயிக் கையக் கழுவிட்டு வாங்கள்," என்றாள் அத்தை. "கிரீஸ் கையோட கோப்பையத் தொட்ட, தொலைஞ்ச."

அந்த வாரம் அத்தை பலகைக் கண்ணாடியைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் துடைத்தாள். பார்சல் எடுக்க வந்தவர்களில் சிலர் நின்று படித்தார்கள். ஒரு பெரியவர் படித்துவிட்டு, "இந்த அம்மா யாருங்க?" என்று தட்டச்சுக்காரியிடம் விசாரித்தார். துடைத்துக்கொண்டிருந்தவளை அவள் கைகாட்டினாள். பெரியவர் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, அத்தையைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை அத்தை குண்டூசிகளைப் பிடுங்கி எடுத்தாள். உறையில் போடவில்லை. சட்டத்தைக் கொண்டுவந்து தட்டச்சுக்காரியின் மேசைமேல் வைத்து, கோணலாகாமல் வைத்துத் தரச் சொன்னாள். இருவருமாகப் பின்பலகையைக் கழற்றித் தாளை உள்ளே வைத்து மூடினார்கள். மேலாளரின் முத்திரை ஓரத்தில் மறைந்துவிடாமல் இருக்கிறதா என்று அத்தை இரண்டு முறை பார்த்தாள். பிறகு சட்டத்தைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

திங்கட்கிழமை தட்டச்சுக்காரி தேநீர் எடுக்கப் போனாள். சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒன்றும் இல்லை. அலமாரிக் கதவைத் திறந்தாள். கதவின் உட்பக்கத்தில், கோப்பை எடுக்கிறவர்கள் கண்ணில் மட்டும் படுகிற இடத்தில், பழைய தாள் நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. அச்சடித்த பக்கம் வெளியே இருந்தது. 'அத்தே, இன்னிக்கு உனக்குப் பொறந்தநாளாமே' என்ற வரியில் சர்க்கரை டப்பாவின் வட்டத் தடம் பின்பக்கத்திலிருந்து ஊறித் தெரிந்தது.

"கதவ ரொம்ப நேரம் தொறந்து வெக்காதீங்க, புலவரம்மா," என்றாள் அத்தை பின்பக்கமிருந்து. "எறும்பு வரும்."

தட்டச்சுக்காரி கோப்பையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.